கீட்டா டீச்சருக்கு ஒரு கடிதம்

8 செப்டம்பர் 2025, திங்கள்

ஸ்டுட்கார்ட்டில் மழை. சின்னவன் இன்றிலிருந்து கீட்டாவில், அதாவது மழலையர் பள்ளியில், பெரிய பிள்ளைகளின் குழுவில். டீச்சர் புதுசு. வாசலில் நின்றபடியே அவனுக்கு முந்திரி ஆகாது என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் காலையில் இருப்பவர் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார், சாயங்காலம் வேறொருவர் வருவார். வாசலில் சொன்னது அவர் காதுக்குப் போகுமா? எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வியாழன் இவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் மீட்டிங். பிள்ளையைக் கூட்டிவர நாத்தனார் கார்ல்ஸ்ரூவேயில் இருந்து வருகிறாள். அதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம்.

9 செப்டம்பர், செவ்வாய்

ராத்திரி எழுதியதை இவரிடம் காட்டினேன். "மைன் ஸோன் ஃபெர்ட்ரேக்ட் கைனே நுஸ்ஸே" என்று ஜெர்மனில் தொடங்கியிருந்தேன், என் மகனுக்கு நட்ஸ் ஒத்துக்காது என்று நினைத்து. "இதைப் படித்தால் வயிறு உப்பும் என்றுதானே நினைப்பார்கள்?" என்றார். உண்மைதான். ஃபெர்ட்ரேகன் என்றால் ஒத்துக்கொள்வது. பால் ஒத்துக்காது என்று நாம் சொல்கிற மாதிரிதான் அது காதில் விழும். போன வருஷம் முந்திரி போட்ட கேசரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, இருமத் தொடங்கினானே, அதற்கு இந்த வார்த்தை போதாது. அலெர்ஜி என்று எழுதி, "டார்ஃப் ஆவுஃப் கைனன் ஃபால்", எக்காரணம் கொண்டும் கூடாது, என்று மாற்றினேன்.

நட்ஸ் எல்லாவற்றையும் குறிக்கும் "நுஸ்" என்ற சொல்லும் தவறுதான். அவனுக்கு ஆகாதது முந்திரியும் பிஸ்தாவும். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. வேர்க்கடலையும் பாதாமும் அவன் சாப்பிடுவான். பொதுவாக நுஸ் என்று எழுதினால் ஹேசல்நட் தடவிய ரொட்டியைத்தான் பிடுங்கிக்கொள்வார்கள். முந்திரி வேறு வழியில் தட்டுக்கு வந்துவிடும்.

அந்த வேறு வழி பெஸ்டோ, நூடுல்ஸில் கலக்கும் பச்சை சாஸ். இங்கே கடையில் விற்கும் பச்சை பெஸ்டோ பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பைன் கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் பல பிராண்டுகளில் முந்திரிதான் இருக்கிறது. பெயர் தடித்த எழுத்தில் இருந்தாலும், பெஸ்டோவில் கொட்டையைத் தேட வேண்டும் என்று சமைப்பவருக்குத் தோன்ற வேண்டுமே. பால் சேர்க்காத வீகன் சீஸிலும் இதே கதை. அதனால் கடிதத்தில் தனி வரியாகவே போட்டேன்: பெஸ்டோ, வீகன் சீஸ், மற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் கேக், மூன்றும் எங்களைக் கேட்காமல் வேண்டாம்.

10 செப்டம்பர், புதன்

மருந்துக்குக் கடிதம் மட்டும் போதாது. டாக்டர் கையெழுத்திட்ட அவசரத் திட்டமும், மருந்து கொடுக்க எங்கள் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்றார் கீட்டா தலைமை டீச்சர். குழந்தைகள் டாக்டரிடம் போய் நோட்ஃபால்பிளான் என்ற அந்தத் திட்டத்தை வாங்கி வந்தேன். ஒரே பக்கம்தான், மேலே அவன் போட்டோ. தோல் மட்டும் தடித்தால் சொட்டு மருந்தும் கார்ட்டிசோனும் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இருமலோ மூச்சிரைப்போ வந்தால் முதலில் அட்ரினலின் ஊசிப் பேனா, தொடையின் வெளிப்பக்கம், பேன்ட்டுக்கு மேலேயே. பிறகு 112, ஆம்புலன்ஸுக்கு. அப்புறம்தான் எங்களுக்குப் போன். கடைசி வரியை நானே அடிக்கோடிட்டேன், ஏனென்றால் பதறுகிறவர்கள் முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

மருந்துப் பையை டீச்சர் கையில் கொடுத்தேன். பூட்டிய அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டார். பூட்ட வேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் பெரியவர்கள் எல்லோருக்கும் இடம் தெரியும்படி இருக்கட்டும் என்றேன். பயிற்சிப் பேனாவை அவர் தன் தொடையில் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அழைத்துப் போவது பற்றிய பகுதியிலும் இரண்டு இடங்களில் சறுக்கியிருந்தேன். "டோனர்ஸ்டாக்ஸ்" என்று எழுதியிருந்தேன். அது ஒவ்வொரு வியாழனும். எனக்கு வேண்டியது "ஆம் டோனர்ஸ்டாக்", தேதியோடு. இன்னொன்று மணி. ஹால்ப் ஃபியர் என்றால் மூன்றரை. ஃபியர் என்ற நாலைப் பிடித்துக்கொண்டு, நாத்தனாரிடம் நாலரைக்கு வா என்று சொல்லியிருந்தேன்! உடனே போன் போட்டுத் திருத்தினேன். கடிதத்தில் 15:30 என்று எண்ணிலேயே எழுதினேன். அவள் முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படியே, போன் நம்பர், எங்கள் இருவரின் கையெழுத்து.

11 செப்டம்பர், வியாழன்

மீட்டிங் முடிந்து பார்த்தால் நாத்தனாரின் மெசேஜ். "அண்ணி, பாஸ்போர்ட்டை வாங்கி, உங்க லெட்டர்ல இருக்கிற பேரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பார்த்துட்டுத்தான் விட்டாங்க." சாயங்காலம் இருந்த டீச்சர் நான் இதுவரை பார்த்திராதவராம்.

மதியம் பச்சை நூடுல்ஸாம். இவனுக்கு மட்டும் தக்காளி சாஸ் போட்டுக் கொடுத்தார்களாம், சட்டையெல்லாம் சிவப்பு.