எட்டு பிட் ஈவன் பாரிட்டி: லேப் தேர்வுக்குப் போகிறவர்கள் பின் 13-ஐ மறக்காதீர்கள்

டிஜிட்டல் லேப் ரிசல்ட் வந்தாயிற்று. சர்க்யூட் சரியாகத் தெரிந்தவர்கள்கூட அவுட்புட் வராமல் மார்க்கை விட்ட சோதனை என்றால் இந்தப் பாரிட்டி ஜெனரேட்டர், செக்கர்தான். ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருக்கும். ஆனால் எல்இடி தப்பாக எரிந்தால் எங்கே கையை வைப்பது என்று அதில் ஒரு வரி இருக்காது. அடுத்த பேட்ச் அந்த வரியை இங்கே படித்துக்கொள்ளட்டும்.

தியரிக்கு அதிக நேரம் வேண்டாம். வார்த்தையில் 1-கள் ஒற்றைப்படையாக இருந்தால் பாரிட்டி பிட் P = 1, இரட்டைப்படையாக இருந்தால் P = 0. எட்டு மாறிக்குக் கே-மேப் போட உட்காராதீர்கள். மூன்று பிட்டுக்குப் போட்டு, 1-கள் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி விழுவதையும் எதையும் சேர்த்துக் குழுவாக்க முடியாததையும் காட்டினால் போதும். ஆண்ட்-ஆர் முறையில் எழுதினால் எட்டு பிட்டுக்கு 128 உறுப்புகள் வரும், அதனால்தான் எக்ஸ்ஆர் என்று ஒரு வரி எழுதிவிட்டு வயரிங்குக்குப் போய்விடுங்கள்.

ஜெனரேட்டருக்கு ஏழு கேட். ஒரு 7486-இல் நான்கு கேட் என்பதால் இரண்டு ஐசி எடுத்தால் ஒரு கேட் மிச்சம். அந்த எட்டாவது கேட்தான் செக்கர்: வந்து சேர்ந்த பாரிட்டி பிட் Pin, P-யோடு ஒத்துப்போகாவிட்டால் அதன் அவுட்புட் E = 1, அதாவது பிழை.

```
IC1:  1,2   <- D0,D1          3  -> IC2-1
      4,5   <- D2,D3          6  -> IC2-2
      9,10  <- D4,D5          8  -> IC2-4
      12,13 <- D6,D7          11 -> IC2-5
IC2:  3 -> 9,  6 -> 10        8  = P
      12 <- 8, 13 <- Pin      11 = E
```

இதையே ஒரே சங்கிலியாக, D0-வும் D1-ம் முதல் கேட்டில், அதன் விடை D2-வோடு அடுத்த கேட்டில் என்றும் கட்டலாம். கேட் எண்ணிக்கை மாறாது. ஆனால் D0 ஏழு கேட்டைத் தாண்டி வர வேண்டும். மரமாகக் கட்டினால் மூன்றே கேட். ஒரு கேட்டுக்குச் சுமார் 10 நானோ விநாடி என்றால் 70-க்கு 30. வைவாவில் "ஏன் மரம்?" என்றால் இதுதான் பதில். லேபில் மரம் கட்ட எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம்.

இப்போது பின் 13. IC2-வின் 13-இல் ஒன்பதாவது சுவிட்ச் வர வேண்டும். எட்டு பிட் வார்த்தை என்று எட்டு சுவிட்ச்சோடு பலர் நிறுத்திவிடுவார்கள். டிடிஎல் ஐசியில் எதிலும் இணைக்காமல் விட்ட இன்புட் 0 ஆகாது, 1 மாதிரி நடந்துகொள்ளும். எக்ஸ்ஆரில் ஒரு இன்புட் 1 ஆனால் மற்றது தலைகீழாகும். ஆக, பின் 11-இல் எல்லா வரியும் தலைகீழ். நீங்கள் கட்டியது ஈவன் பாரிட்டி, எல்இடி காட்டுவது ஆட் பாரிட்டி. இதைப் பார்த்துப் பதறி மொத்த வயரிங்கையும் பிடுங்கி மறுபடி போடுகிறவர்களால்தான் நேரம் போகிறது. பிடுங்க வேண்டியது எதுவும் இல்லை, 13-இல் ஒரு வயர் போட்டு மறுமுனையை 0-வில் வைத்தால் தீர்ந்தது. லேபில் 74HC வகை ஐசி கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் திறந்த இன்புட் 0-வா 1-ஆ என்றே சொல்ல முடியாது, வயர் பக்கம் கை போனாலே எல்இடி சிமிட்டும்.

சோதிக்கும்போது ட்ரூத் டேபிளின் 256 வரியையும் ஓட்ட முடியாது, ஓட்டவும் தேவையில்லை. ஒன்பது சுவிட்ச்சையும் 0-வில் வைத்தால் E எரியக் கூடாது. பிறகு ஒவ்வொரு சுவிட்ச்சாக 1 ஆக்கித் திரும்ப 0 ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் எல்இடி நிலை மாற வேண்டும். எந்தச் சுவிட்ச்சை அசைத்தும் எல்இடி அசையவில்லையோ, அங்கே கோளாறு.

- ஒரே ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை: அதன் பேட்ச் கார்டு லூஸ்.
- D0, D1 மாதிரி ஒரு ஜோடி: IC1-இலிருந்து IC2-வுக்கு வரும் வயர்.
- D0 முதல் D3 வரை நான்கு: IC2-வில் 3-லிருந்து 9-க்குப் போகும் வயர்.
- எட்டும் இல்லை, ஒன்பதாவது சுவிட்ச் மட்டும் மாற்றுகிறது: 8-லிருந்து 12-க்குப் போகும் வயர்.

எல்லாம் 0 வைத்துச் சரியாக வந்தால் திருப்தி அடைந்துவிடாதீர்கள். D0, D1 இரண்டு வயரும் கழன்றிருந்தால் 1-ம் 1-ம் சேர்ந்து 0 ஆகி, தப்பு தப்பை மறைத்துவிடும். சுவிட்ச்சை அசைத்தால்தான் தெரியும்.

இதிலும் தப்பிக்கும் கோளாறு ஒன்று உண்டு: டப்பாவில் 7486 இடத்தில் 7432 கலந்து கிடப்பது. பின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆர் கேட்டும் எக்ஸ்ஆரும் வேறுபடுவது இரண்டு இன்புட்டும் 1 ஆகும்போது மட்டும். அதனால் ஒற்றைச் சுவிட்ச் சோதனையில் 7432 ஜம்மென்று பாஸாகிவிடும். D0 முதல் D7 வரை எல்லாம் 1 வைத்தாலாவது மாட்டுமா என்றால், IC1 முழுக்க ஆர் கேட் ஆனால் நான்கு அவுட்புட்டும் 1 ஆகி, IC2-வில் ஜோடி ஜோடியாகக் கழிந்து சரியான 0-வையே தரும். D0, D1 இரண்டை மட்டும் 1 வையுங்கள், IC1 மாட்டும். D0, D2 வையுங்கள், IC2 மாட்டும். முதலில் ஐசி மேல் அச்சடித்த எண்ணைப் படித்தால் இந்த வேலையே இல்லை.

எக்ஸ்டர்னல் முன்னால் காட்ட D7-லிருந்து D0 வரை 10110110 நல்ல வார்த்தை. ஐந்து 1-கள். முதல் வரிசையில் D0 பக்கமிருந்து 1, 1, 0, 1. அடுத்து 0, 1. கடைசியில் P = 1. ஒன்பதாவது சுவிட்ச்சை 1 ஆக்கினால் E = 0, பிழை இல்லை. D3-ஐ மாற்றினால் E = 1. கூடவே D4-ஐயும் மாற்றினால் மறுபடி E = 0, இரண்டு பிட் பிழை செக்கர் கண்ணில் படாது. இதைக் கேட்கும் முன் நீங்களே காட்டிவிடுங்கள். டேட்டா சரியாக இருந்து P மட்டும் மாறினாலும் E = 1 ஆகும். எந்த பிட் கெட்டது என்று இந்தச் சர்க்யூட்டால் சொல்ல முடியாது.

சுவிட்ச் மிச்சம் பிடிக்க 8-ஐ நேராக 13-இல் கொடுத்துவிடாதீர்கள். அது P-யை P-யோடே ஒப்பிடுவது. E சாகும்வரை 0-தான், எந்தப் பிழையையும் காட்டாது. ஜெனரேட்டரையும் செக்கரையும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னால் செக்கருக்குத் தனி மரம் வேண்டும்: 7 + 8 = 15 கேட், நான்கு ஐசி. அப்படிக் கேட்கவில்லை என்றால் P-யைத் தாளில் குறித்துக்கொண்டு ஒன்பதாவது சுவிட்ச்சில் கையால் வையுங்கள்.

74180, 74280 என்ற பாரிட்டி ஐசிகள் பற்றி ஒரு வைவா கேள்வி வரலாம். 74280-இல் ஈவன் என்று பெயரிட்ட அவுட்புட், 1-கள் இரட்டைப்படையாக இருந்தால் 1 ஆகும். நமக்கு வேண்டிய ஈவன் பாரிட்டி பிட் அப்போது 0 ஆக இருக்க வேண்டும். ஆகவே ஒன்பதாவது இன்புட்டைக் கிரவுண்ட் செய்துவிட்டு, ஆட் அவுட்புட்டிலிருந்து P எடுக்க வேண்டும்.