லிட்டரேச்சர் ரிவியூவில் வினைச்சொல்லைத் தெரிவு செய்வது: கண்டல் காடும் பதினெட்டுக் கிராமங்களும்

திருகோணமலைக் கம்பஸில் கடைசி வருடம் டிசர்டேஷன் எழுதுகிற தம்பி, தங்கச்சிமார் சிலர் லிட்டரேச்சர் ரிவியூவை என்னிடம் வாசிக்கத் தருவார்கள். இலக்கணம் திருத்துவது லேசான வேலை. நேரம் போவது ஓரிடத்தில்தான்: இன்ன ஆய்வாளர் இன்னதைச் சொன்னார் என்று எழுதும்போது போடுகிற வினைச்சொல். ஆர்கியூஸ், சஜெஸ்ட்ஸ், ஃபவுண்ட், டெமன்ஸ்ட்ரேட்ஸ் எல்லாவற்றையும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் இருப்பதற்காக மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆய்வின் சான்று எவ்வளவு உறுதியானது என்று நீங்கள் தருகிற தீர்ப்பு அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. வைவாவில் கேள்வி வருவதும் அங்கேதான்.

ஒரு தங்கச்சியின் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்தில் கண்டல் மீள்நடுகை பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. சுனாமி கிண்ணியாவை எப்படி அடித்தது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ரிவியூவின் முதல் பந்தியிலேயே இப்படி எழுதியிருந்தாள்: “கண்டல் காடுகள் சுனாமியில் உயிரிழப்பைக் குறைத்தன என்பதை கதிரேசனும் ராஜேந்திரனும் (2005) டெமன்ஸ்ட்ரேட் செய்துள்ளனர்.”

“இந்தச் சொல் ஏன்?” என்று கேட்டேன். “அக்கா, அவங்கட கட்டுரைத் தலைப்பே அப்பிடித்தானே இருக்கு?” என்றாள். உண்மைதான். கரையோரக் கண்டல் காடுகள் சுனாமியைத் தணித்தன என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு. ஆனால் தலைப்பில் இருப்பது ஆசிரியர்கள் தங்கள் முடிவின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. நீங்கள் போடும் வினை அவர்களுடைய தரவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதற்கு அப்ஸ்ட்ரக்டைத் தாண்டி ஆய்வு முறை எழுதிய பகுதிக்குப் போக வேண்டும்.

இருவரும் அந்தக் கட்டுரையைத் திறந்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு, தமிழ்நாட்டுக் கரையில் பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 மீனவக் கிராமங்களில் எடுத்த தகவல் அது. ஒவ்வொரு கிராமத்திலும் உயிரிழப்பு, சொத்திழப்பு, முன்னால் இருந்த தாவரப் பரப்பு, கடலிலிருந்து தூரம், நில உயரம் ஆகியவற்றைப் பார்த்திருக்கிறார்கள். தாவரப் பரப்பு கூடிய இடத்தில் இழப்பு குறைவு. தூரம் கூடிய இடத்திலும் குறைவு, உயரம் கூடிய இடத்திலும் குறைவு.

இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த முடிவுக்கு வேறு காரணம் இருக்க முடியுமா? முடியும். ஒரு கிராமத்துக்கு முன்னால் அகலமான காடு நின்றால், அந்தக் கிராமம் கடலிலிருந்து தள்ளியும் இருக்கும், பெரும்பாலும் மேட்டிலும் இருக்கும். அப்படியானால் உயிரைக் காத்தது காடா, தூரமா, மேடா? நிகழ்வு முடிந்த பிறகு எடுத்த தகவலில், அதுவும் 18 கிராமங்களை மட்டும் வைத்து, மூன்றையும் பிரித்தெடுப்பது கடினம்.

இது என் சொந்தச் சந்தேகம் இல்லை. கெர், பெயர்ட், காம்ப்பெல் மூவரும் அதே தரவை மறுபடி பகுப்பாய்வு செய்து 2006இல் அதே ஜேர்னலில் எழுதினார்கள். தூரமும் உயரமும் சமமாக உள்ள கிராமங்களை ஒப்பிட்டால் தாவரப் பரப்பால் உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் கண்டது. அதே வருடம் வெர்மாத், தம்பன்யா இருவரும் அந்தத் தரவையே வேறு முறையில் பார்த்து, கண்டல் சேதத்தைக் குறைத்தது என்றார்கள். ஒரே தரவிலிருந்து இரண்டு முடிவு வருமானால், காரணம் பற்றிய வாக்கியத்துக்கு டெமன்ஸ்ட்ரேட் போட வழியே இல்லை.

அப்போது அவள் மறுபக்கம் சாய்ந்தாள். கெர் குழுவினர் கண்டல் பாதுகாக்காது என்று நிரூபித்தனர் என எழுதி வந்தாள். இதுவும் அதே கோளாறு. அந்த 18 கிராமத் தரவில் காட்டின் தனிப் பங்கு தெரியவில்லை என்பதை அவர்கள் காட்டினார்கள். எங்கேயும் பங்கே இல்லை என்று காட்ட அந்தத் தரவால் முடியாது. ஷோ என்ற வினை அவர்களுக்குப் பொருந்தும், ஆனால் அதற்குப் பின்னால் வரும் கூற்றை அந்தத் தரவின் எல்லைக்குள் நிறுத்தினால் மட்டும்.

வினையை மட்டும் தனியாக எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். கூற்று குறுகினால் வினை உறுதியாகலாம்; கூற்று விரிந்தால் வினை தளர வேண்டும். கதிரேசன், ராஜேந்திரன் கட்டுரைக்கே மூன்று வினை தேவைப்பட்டது. பரப்பு கூடிய கிராமங்களில் இழப்பு குறைவு என்பது அவர்கள் அளந்தது, அதற்கு ஃபவுண்ட் அல்லது ரிப்போர்ட்டட். காடுதான் காத்தது என்பது அதிலிருந்து ஊகித்தது, அதற்கு சஜெஸ்ட். மக்கள் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால், மேட்டில், காட்டுக்குப் பின்னால் குடியிருக்க வேண்டும் என்பது பரிந்துரை, அதற்கு ரெக்கமெண்ட் அல்லது ஆர்கியூ.

ஆர்கியூவைப் பலரும் ஷோவின் மெலிந்த வடிவம் என்று நினைக்கிறார்கள். அது வேறு வகை. ஒருவர் காரணங்களை அடுக்கி ஒரு நிலைப்பாட்டை எடுக்கும்போது அதைப் போட வேண்டும். அளந்து சொன்ன முடிவுக்கு ஆர்கியூ போட்டால், அளவீட்டை வெறும் அபிப்பிராயமாக இறக்கிவிடுகிறீர்கள். கிளெய்ம் இன்னும் கவனம்: அதைப் போட்டாலே நீங்கள் நம்பவில்லை என்று வாசிப்பவருக்குப் படும், ஆகவே ஏன் நம்பவில்லை என்பது அடுத்த வாக்கியத்தில் வர வேண்டும்.

உறுதியான வினையே கூடாது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மஸ்டா குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு வியட்நாமின் டோங்கிங் கழிமுகத்தில் செய்தது. நட்டு வளர்த்த கண்டலுக்குள் அலை வரவர அதன் உயரம் எவ்வளவு குறைகிறது என்று அங்கேயே அளந்தார்கள். அந்த இடத்து அலைக்கு டெமன்ஸ்ட்ரேட் தாராளமாகப் போடலாம். ஆனால் அது சில செக்கன்களுக்கு ஒன்றாக வரும் சாதாரணக் கடலலை. சுனாமியில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பல நிமிடங்கள் இருக்கும், தண்ணீர் பெருக்குப் போல உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்த ஆய்வைச் சுனாமிக்கு இழுத்தால் வினை உடனே சஜெஸ்டுக்கு இறங்க வேண்டும்.

கடைசியில் அவள் எழுதிய பந்தி இது: “பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 கிராமங்களில், தாவரப் பரப்பு கூடிய இடங்களில் சுனாமி இழப்பு குறைவாக இருந்ததை கதிரேசனும் ராஜேந்திரனும் (2005) கண்டறிந்து, கண்டல் காத்திருக்கலாம் எனக் கருதினர். தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுத்தால் அதே தரவில் காட்டின் தனிப் பங்கு தெரியவில்லை என கெர் குழுவினர் (2006) காட்டினர். வெர்மாத்தும் தம்பன்யாவும் (2006) இதை ஏற்கவில்லை.” இதில் கருதினர் என்பதற்குப் பின்னால் ‘இருக்கக்கூடும் போலத் தோன்றலாம்’ என்று இன்னொரு தளர்ச்சியைச் சேர்க்க முயன்றாள், வேண்டாம் என்றேன். ஒரு கூற்றுக்கு ஒரு தளர்ச்சி போதும், இரண்டு போட்டால் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதே தெரியாது.

இன்னொரு விஷயம், மூலத்தைத் திறக்காமல் வேறொருவரின் ரிவியூவிலிருந்து எடுப்பது. அங்கே டெமன்ஸ்ட்ரேட்டட் என்று இருந்தால் அது அந்த ரிவியூ எழுதியவரின் தீர்ப்பு. மூலக் கட்டுரை கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் மேற்கோள் காட்டியபடி என்று போட்டு, வினையை ரிப்போர்ட்டட் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.