கணக்கில் 96, மீட்டரில் 68: ஆர்.சி. சர்க்யூட்டில் எங்கே தப்பியது?

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் 100 ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டரும் சீரிஸில். அலைவெண் 50 ஹெர்ட்ஸ். கணக்குப்படி 96.5 மில்லிஆம்பியர் ஓடவேண்டும். மீட்டர் 68-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல்தான் விழும். ஆனால் அதன் மதிப்பு பத்து சதவீதம் பிசகினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது. அதைவிட, 96.5-ஐ 68.2-ஆல் வகுத்தால் 1.414 வருகிறது. இந்த எண்ணைக் கண்டதும் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்துவிட வேண்டும். தப்பு பலகையில் இல்லை, தாளில் இருக்கிறது.

கெபாசிட்டரின் ரியாக்டன்ஸ் 144.7 ஓம், மொத்த இம்பீடன்ஸ் 175.9 ஓம். இரண்டும் சரி. வோல்டேஜுக்கு மட்டும் ஸ்கோப்பில் தெரிந்த உச்சியை, அதாவது 16.97-ஐப் போட்டாயிற்று. 16.97-ஐ 175.9-ஆல் வகுத்துக் கிடைப்பது பீக் கரண்ட். மீட்டர் காட்டுவதோ ஆர்.எம்.எஸ்., அதாவது அதே வெப்பத்தைத் தரும் டி.சி.க்குச் சமமான அளவு. அதற்கு 12-ஐத்தான் வகுக்க வேண்டும்: 68.2, மீட்டரோடு ஒட்டிப்போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் வெறுமனே '12V' என்று அச்சிடுகிறார்களே, பக்கத்தில் மூன்று எழுத்து சேர்த்தால் என்ன குறைந்துவிடும்!

அந்த 1.414, அதாவது ரூட் இரண்டு, வருவது வெப்பக் கணக்கிலிருந்து. ரெசிஸ்டர் சூடாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. சைன் அலையை வர்க்கப்படுத்தி ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால், உச்சியின் வர்க்கத்தில் சரிபாதி. அதற்கு வர்க்கமூலம் எடுத்ததும் உச்சியை ரூட் இரண்டால் வகுத்த அளவு நிற்கிறது. அதனால்தான் பவர் கணக்கில் இதே குழப்பம் இரட்டிப்பாகிவிடும்: ரெசிஸ்டரில் உண்மையில் 0.465 வாட், தப்பான கணக்கில் 0.93.

பாகம் பழுதா, பீக் குழப்பமா என்று பிரித்தறிய ஃபேஸ் கோணம் உதவும். கரண்ட் வோல்டேஜை 55 டிகிரி முந்துகிறது என்று ஸ்கோப்பும் கணக்கும் ஒத்துப்போனால் பாகங்கள் மேல் குற்றமில்லை. கெபாசிட்டர் தப்பாக இருந்தால் கோணமும் சேர்ந்து நகர்ந்திருக்கும்.

சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளான எல்டிஸ்பைஸில் இதே பள்ளம் தலைகீழாக இருக்கிறது. `SINE`-இல் இரண்டாவது எண் பீக். அங்கே 12 போட்டால் ஆர்.எம்.எஸ். கரண்ட் 48 மில்லிஆம்பியராகச் சுருங்கிவிடும்.

```
* RC 50Hz
V1 in 0 SINE(0 16.97 50)
R1 in a 100
C1 a 0 22u
.tran 200m
.meas TRAN Irms RMS I(R1) FROM 100m TO 200m
.end
```

அளக்கும் இடைவெளி முழுச் சுற்றுகளாக இருக்கட்டும், இங்கே ஐந்து.

இந்த 1.414 சைனுக்கு மட்டுமே. ஸ்கொயர் அலையில் பீக்கும் ஆர்.எம்.எஸ்ஸும் ஒன்றே, முக்கோண அலையில் ரூட் மூன்று. ஸ்கோப்பில் பீக்-டு-பீக் படித்தால் சைனுக்கே 2.83 மடங்கு தூக்கும்.

அடுத்து கெபாசிட்டர் இடத்தில் சோக் காயில். அதன் சுற்றுக்கம்பியின் ரெசிஸ்டன்ஸை முதலில் அளந்து 100 ஓமோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.