20 ஹெர்ட்ஸ் லூப்புக்கு 200 ஹெர்ட்ஸ் போதவில்லை: சாம்பிளிங் வேகம் தேர்ந்தெடுத்த அனுபவம்

வைவாவில் என்னிடம் முதலில் கேட்டது: "சாம்பிளிங் ஏன் 200 ஹெர்ட்ஸ்?" மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு லூப்பின் கிராஸ்ஓவர் 20 ஹெர்ட்ஸ், அதன் இரண்டு மடங்கே போதும், நான் பத்து மடங்கு வைத்திருக்கிறேன் என்றேன். "இரண்டு மடங்கு என்பது சிக்னலைத் திரும்பப் பெறுவதற்கான கணக்கு. லூப்பில் எத்தனை டிகிரி ஃபேஸ் போகிறது?" என்றார் தேர்வாளர். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஒரு மதிப்பை அடுத்த சாம்பிள் வரை அப்படியே பிடித்து வைக்கும் ஜீரோ ஆர்டர் ஹோல்டு அரை சாம்பிள் தாமதம் தரும். அதனால் இழக்கும் ஃபேஸ்:

```
180 × f / fs = 180 × 20 / 200 = 18°
```

கணக்கிட்ட மதிப்பை அடுத்த சாம்பிளில்தான் வெளியிட்டேன், அதற்கு 36°. ஏடிசிக்கு முன்னால் 50 ஹெர்ட்ஸில் வெட்டும் இரண்டாம் படி பட்டர்வொர்த் ஃபில்டர். அது 20 ஹெர்ட்ஸில் 34°. மொத்தம் 88°. அனலாக்கில் வடிவமைத்தபோது என் ஃபேஸ் மார்ஜின், அதாவது லூப் நிலைகுலையாமல் தாங்கக்கூடிய ஃபேஸ் இழப்பு, 60°தான். மோட்டார் ஆடாமல் என்ன செய்யும்!

ஆய்வகத்தில் அந்த ஆட்டத்துக்கு ஃபில்டர்தான் காரணம் என்று அதைக் கழற்றியிருந்தேன். லூப் 6° மார்ஜினில் எப்படியோ நின்றது. ஆனால் வேக அளவீட்டில் 15 ஹெர்ட்ஸ் அலை ஒன்று வந்தது. லூப்பைத் திறந்து, மோட்டாருக்கு நிலையான மின்னழுத்தம் கொடுத்தும் போகவில்லை. சாம்பிளிங்கை 210 ஆக்கினேன். அலை 25 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது. உண்மையான அலை இடம் மாறாது. வேகத்தை அளக்கும் டாக்கோவின் 185 ஹெர்ட்ஸ் சிற்றலைதான் சாம்பிளிங் வேகத்திலிருந்து கழிந்து, 200-இல் 15 ஆகவும் 210-இல் 25 ஆகவும் மடிந்து வந்திருந்தது. மடிந்த பிறகு அதை மென்பொருள் ஃபில்டரால் நீக்க முயன்றால் லூப்பின் சொந்த சிக்னலும் சேர்ந்தே போகும். அதனால்தான் ஃபில்டர் ஏடிசிக்கு முன்னால், அனலாக்காக இருக்க வேண்டும்.

ஃபில்டரை ஏடிசிக்கு முன்னால் வைத்தே ஆக வேண்டும், ஃபேஸும் போகக் கூடாது என்றால் இரண்டையும் சேர்த்தே மேலே நகர்த்த வேண்டும். சாம்பிளிங் 1000, ஃபில்டர் 200 ஹெர்ட்ஸ் என்று மாற்றினேன். இப்போது இழப்பு 3.6 + 7.2 + 8.1, ஏறக்குறைய 19°. மார்ஜின் 41° மிஞ்சியது. 20 ஹெர்ட்ஸில் வந்து மடியக்கூடிய 980 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஃபில்டர் இருபத்துநான்கில் ஒரு பங்காக்கிவிடும். 185 ஹெர்ட்ஸ் சிற்றலை பெரும்பாலும் ஃபில்டரைத் தாண்டி வரும்தான். ஆனால் 185 ஆகவே தெரியும், லூப் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.

பேண்ட்விட்த்தைப் போல 20 முதல் 30 மடங்கு என்ற பாடநூல் விதியைத் தேர்வில் எழுதலாம். ஆனால் ஃபில்டருக்கும் கணக்கீட்டுத் தாமதத்துக்கும் எத்தனை டிகிரி என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். இதே லூப்பில் 600 ஹெர்ட்ஸும் 120 ஹெர்ட்ஸ் ஃபில்டரும் வைத்தால் 32° போய்விடும். அதற்காக 20 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவவும் வேண்டாம்: அடுத்தடுத்த இரு சாம்பிள்களின் வித்தியாசம் ஏடிசியின் ஒரு படியைவிடச் சிறிதாகி, டெரிவேட்டிவ் பகுதி வெறும் இரைச்சலாகும்.