டெஸ்டில் பாஸ் ஆனவருக்குப் பின்னேரம் ஏன் மூச்சு முட்டியது?

யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். வென்டிலேட்டரில் இருப்பவருடைய டியூப்பை எப்போது எடுப்பீர்கள் என்பதுதான் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது. எடுத்த டியூப்பை ஏன் திரும்பப் போட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்வது அதைவிடக் கஷ்டம். அப்படிக் கேட்க வேண்டி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐயாவுக்கு 68 வயது, வடமராட்சிப் பக்கம். மாரி காலத்தில் கடுமையான நிமோனியாவோடு வந்து, அன்றிரவே டியூப் போட வேண்டியதாகிவிட்டது. பல வருஷமாகப் பிரஷர் இருந்தது. குளிசையை நினைத்த நேரம் எடுப்பார், நினைத்த நேரம் விடுவார். இந்த ஒரு தகவலைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் காய்ச்சல் விட்டது, எக்ஸ்ரே தெளியத் தொடங்கியது. மெஷின் கொடுக்கும் ஒட்சிசன் 40 வீதத்துக்கும், மூச்சின் கடைசியில் நெஞ்சுக்குள் மெஷின் விட்டுவைக்கும் அழுத்தமான ‘பீப்’ 5க்கும் இறங்கின. இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தும் நின்றுவிட்டது. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டியூப் எடுக்கும் பேச்சே தொடங்கும். மயக்க மருந்தைக் காலையில் நிறுத்தினோம். ஐயா கண்ணைத் திறந்தார், கையைப் பிடிக்கச் சொன்னால் பிடித்தார்.

முதலில் பார்ப்பது மூச்சு எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்பதை. மெஷினின் உதவியைக் குறைத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவை லீட்டரில் எடுத்து வகுப்போம். ஐயாவுக்கு 24 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மில்லிலீட்டர். 24ஐ 0.4ஆல் வகுத்தால் 60. களைத்த ஆள் சின்னச் சின்ன மூச்சாக வேகமாக எடுப்பார், அப்போது இந்த எண் ஏறும். 105க்குக் கீழே இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்ற கணக்கு 1991இல் யாங், டோபின் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ஆனால் எண் குறைவாக இருந்துவிட்டால் டியூப் இல்லாமல் தாக்குப்பிடிப்பார் என்று அர்த்தமில்லை.

அடுத்தது சுயமாக மூச்சு விடும் பரீட்சை. மெஷினை முழுதாகக் கழற்றாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் 7 அளவு உதவி, 5 அளவு பீப் என்று வைத்து 30 நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தோம். மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டினாலோ, இரத்தத்தில் ஒட்சிசன் 90 வீதத்துக்குக் கீழே போனாலோ, வியர்த்து அந்தரப்பட்டாலோ நிறுத்திவிடுவோம். ஐயாவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இருமல் நல்ல பலமாக இருந்தது. டியூப்பைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கியபோது பக்கத்தால் காற்று தாராளமாகக் கசிந்தது, அதாவது தொண்டை பெரிதாக வீங்கியிருக்கவில்லை. சரி என்று டியூப்பை எடுத்து முகமூடியால் ஒட்சிசன் கொடுத்தோம். மகன் வந்து கதைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் ஐயா படுக்கையில் எழும்பி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், படுக்கவே மாட்டேன் என்றார். சட்டை நனைய வியர்வை. இரத்த அழுத்தம் 200ஐத் தொட்டது.

இந்த இடத்தில் காரணத்தை உடனே பிரித்தறிய வேண்டும். தொண்டை வீங்கியிருந்தால் பெரும்பாலும் டியூப் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் கேட்கும். சளி அடைத்தால் தொண்டையில் கறகறப்பு இருக்கும், இருமியும் வெளியே வராது. மூச்சுத் தசை களைத்தால் மூச்சு மெல்ல மெல்ல ஆழம் குறைந்து, கரியமிலவாயு ஏறி, ஆள் தூங்கிவழிவார். ஐயாவுக்கு இந்த மூன்றும் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் நொறநொறவென்ற சத்தம். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க நீர். நிமோனியா திரும்பவில்லை, இதயம்தான் தடுமாறியிருந்தது.

ஏன் என்றால், வென்டிலேட்டர் நுரையீரலுக்கு மட்டும் உதவுவதில்லை. அது நெஞ்சுக்குள் வைத்திருக்கும் அழுத்தம், இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தைக் கொஞ்சம் தடுத்து வைக்கிறது. இடது பக்க இதயம் இரத்தத்தைத் தள்ளிவிடும் சுமையையும் குறைக்கிறது. டியூப்பை எடுத்ததும் இரண்டு உதவியும் ஒரே நேரத்தில் போய்விடும். உடம்பெங்கும் இருந்து இரத்தம் கூடுதலாக வந்து சேரும், மூச்சுக்காகத் தசைகளும் இழுத்து வேலை செய்யும், பிரஷரும் ஏறும். பல வருஷம் கட்டுப்படாத பிரஷரால் ஏற்கெனவே தடித்து விறைத்த இதயம் அதைத் தாங்காமல், நீர் நுரையீரலுக்குள் தேங்கும். காலையில் பரீட்சை நடந்தபோது 7உம் 5உம் போட்டிருந்தோம் அல்லவா? அந்தச் சின்ன அழுத்தமே இதயத்தின் பலவீனத்தை மறைக்கப் போதும்.

நீர் போகும் ஊசி, பிரஷரை இறக்கும் நைட்ரேட் மருந்து, இறுக்கமான மாஸ்க்கால் அழுத்தத்தோடு காற்று எல்லாம் கொடுத்தும் ஐயா சோர்ந்துகொண்டே போனார். டொக்டர் மேலும் காத்திருக்காமல் டியூப்பைத் திரும்பப் போட்டார். ஆளைக் கடைசி வரை களைக்கவிட்டுப் பிறகு போடுவதில்தான் ஆபத்து கூட.

“காலமை நல்லாத்தானே கதைச்சவர் மிஸ்ஸி, பேந்து ஏன் திரும்பவும் குழாய்?” என்று மகன் கேட்டார். நெஞ்சில் சளி இல்லை தம்பி, தண்ணி நிக்குது, அதை எடுத்துப்போட்டுத் திரும்பப் பார்ப்பம் என்றேன். திட்டமிட்டு டியூப் எடுப்பவர்களிலேயே பத்துப் பேருக்கு ஒருவராவது இப்படித் திரும்பப் போட வேண்டி வருவதுண்டு என்றும் சொன்னேன்.

எக்கோவில் இதயம் சுருங்குவது நன்றாகவே இருந்தது, ஆனால் சுவர் தடித்து, விரிவது மோசம். பிறகு நீர்க் கணக்குத் தாளைப் பின்னோக்கிக் கூட்டினோம். சேலைன், அன்டிபயோட்டிக் கலக்கும் நீர், மூக்குக் குழாயால் போன பால் எல்லாம் சேர்த்து, வெளியேறியதைவிட உள்ளே போனது சுமார் 5 லீட்டர் அதிகம். ஒரு நாள் தாளை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

நீர் போகும் மருந்தைக் கூட்டி, பொட்டாசியத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். பிரஷர்க் குளிசையை மூக்குக் குழாயால் ஒழுங்காகத் தொடங்கினோம். அடுத்த பரீட்சைக்கு மெஷினைக் கழற்றி, டி-பீஸ் என்ற வெறும் குழாயில் ஒட்சிசனை மட்டும் ஓடவிட்டோம். 20ஆவது நிமிடத்தில் 140ஆக இருந்த பிரஷர் 185ஆகவும், நாடித்துடிப்பு 90இலிருந்து 118ஆகவும் ஏறின. மூச்சு இன்னும் பரவாயில்லை. மூச்சை மட்டும் பார்ப்பவர் இன்னும் பத்து நிமிடம் விட்டிருப்பார். நாங்கள் நிறுத்தி, திரும்ப மெஷினில் போட்டு அன்றைக்கு ஓய்வு கொடுத்தோம். இந்தப் பரீட்சையில் தோற்றதுதான் உண்மையில் எங்களுக்கு உதவிய தகவல்.

இன்னும் நீர் எடுத்து, நிறையும் குறைந்த பிறகு அதே டி-பீஸ். இம்முறை பிரஷர் 130இலிருந்து 145 வரைதான் போனது. டியூப்பை எடுத்த கையோடு, மூச்சு முட்டும்வரை பார்த்திராமல், நிமிர்த்தி உட்கார வைத்து இறுக்கமான மாஸ்க்கைப் போட்டுவிட்டோம். வயது கூடியவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் முன்கூட்டியே போட்டால்தான் அதற்குப் பலன் அதிகம். நடுவில் கழற்றிக் கழற்றி, 48 மணி நேரம் போல அப்படியே கொண்டுபோனோம்.

மாஸ்க்கைக் கழற்றிய முதல் இடைவேளையிலேயே பிளேன்டீ கேட்டார். கொடுக்கவில்லை. டியூப் இருந்த தொண்டைக்கு விழுங்கும் பழக்கம் திரும்ப நேரம் எடுக்கும், புரைக்கேறினால் இன்னொரு நிமோனியா வந்துவிடும். மறுநாள் கரண்டியால் தண்ணீர் கொடுத்து, இருமவில்லை, குரல் ஈரமாகவில்லை என்று பார்த்த பிறகுதான் தேநீர் போனது. சீனி காணாது என்று சொன்னார்.