சப்ஸ்டிடியூட் நோட்டில் என் பெயர் இல்லை

அரசு மேல்நிலைப் பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியராக இருப்பவனுக்குக் காலை எட்டே முக்காலுக்கு ஒரு வேலை உண்டு. யார் வரவில்லை என்று பார்த்து, அவர்களுடைய வகுப்புகளுக்கு யாரை அனுப்புவது என்று ஒரு நீள நோட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் பள்ளியில் அதற்குப் பெயர் சப்ஸ்டிடியூட் நோட்டு. அந்த நோட்டோடு நான் நுழைந்தால் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். ஒருவர் கழிப்பறைக்குப் போவார், இன்னொருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

எங்கள் இயற்பியல் ஆசிரியருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்தது ஒரு ஜூலை மாத நடுவில். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த நேரம் திங்கள், புதன், வெள்ளி, மதியம் ஒரு மணி. அதைத் தவிர இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் சிக்கல் விடுப்புக் கணக்கு. தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள். அவர் மூன்றை எடுத்திருந்தார். மீதி ஒன்பது, அதாவது பதினெட்டு அரை நாள். வாரத்துக்கு மூன்று அரை நாள் போனால் ஆறு வாரம் தாங்கும். அதற்குப் பிறகு மருத்துவ விடுப்பில் போக வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. அவர் வீட்டில் இருக்க விரும்பவில்லை. "வீட்ல உக்காந்தா நான் நோயாளி சார், இங்க வந்தா வாத்தியார்" என்றார். தலைமை ஆசிரியர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று தேடினார். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலசீமியா இருக்கிறது, பார்க்கின்சன் இருக்கிறது. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அந்தக் கதவு அங்கேயே மூடியது.

அந்த ஆறு வாரமும் நான் நோட்டை எழுதினேன். நாளுக்கு எட்டு பீரியட், வாரத்துக்கு 40. அவருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஏழு, மொத்தம் 28. அதில் அந்த மூன்று மதியங்களில் விழுந்தவை எட்டு. ஆறு வாரத்துக்கு 48. எல்லாவற்றுக்கும் ஆள் போட்டுவிட்டேன், ஒரு வகுப்புகூடக் காலியாக இருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமையை உடைத்தவர் வேதியியல் டீச்சர். ஒரு வெள்ளிக்கிழமை நோட்டை நீட்டியபோது அவர் கையெழுத்துப் போடவில்லை.

"சார், அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இந்த நோட்டைக் கொஞ்சம் பின்னாடி புரட்டிப் பாருங்க. யார் பேரு எத்தனை தடவை வருதுன்னு எண்ணிட்டு வாங்க, நான் போடறேன்."

அன்று மாலை உட்கார்ந்து எண்ணினேன். 48-ல் 19 முறை ஒரே பெயர். பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. எங்கள் எல்லோரையும்விடக் குறைந்த சம்பளம் அவருக்கு. கிடைக்கிற ஓய்வு பீரியடில் மூலையில் உட்கார்ந்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். நோட்டை நீட்டினால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போவார். மறுத்துப் பேசாதவரிடம் போவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த 14 முறை வேதியியல் டீச்சர். 'அறிவியல்தானே, ஏதாவது நடத்திவிடுவார்' என்று நானே நினைத்திருக்கிறேன். மீதி 15 மற்ற எல்லோருக்கும் பங்கு. மூன்று பேர் பெயர் ஒரு முறைகூட இல்லை. அந்த மூவரில் ஒருவன் நான்.

இன்னொன்றும் அந்த நோட்டில் தெரிந்தது. சப்ஸ்டிடியூட் போவது என்றால் பெரும்பாலும் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான். அந்தப் பீரியடுகளில் இயற்பியல் யாரும் நடத்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாதியில் நின்றது. டயாலிசிஸ் இல்லாத செவ்வாயும் வியாழனும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஈடுகட்டப் பார்த்திருக்கிறார். நாங்கள் அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய வேலை அப்படியே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு மாலை ஐந்து மணி இடம் கிடைத்தது. பள்ளி முடிந்து இருபது நிமிடத்தில் போய்விடலாம், இனி விடுப்பே வேண்டாம். ஆசிரியர் அறையில் எல்லோரும் கைகுலுக்கினோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "இடம் காலியாகறது மூணு வழியில சார். ஒண்ணு கிட்னி மாத்தி இருக்கணும், இல்ல ஊர் மாறி இருக்கணும். மூணாவது என்னன்னு உங்களுக்கே தெரியும். எந்த வழின்னு நான் கேக்கல."

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கால அட்டவணையையே மாற்றி எழுதினேன். மாலையில் டயாலிசிஸ் முடிந்து வீடு சேரப் பத்து மணி ஆகும், அதனால் செவ்வாயும் வியாழனும் காலையில் சோர்வாக இருப்பார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் தெளிவாக வருவார் என்று கணக்குப் போட்டு, திங்களன்று ஆறு பீரியட் வைத்தேன். ஆய்வக வகுப்பும் அன்றுதான், அதுவும் மாடியில்.

அவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது திங்கள் காலை, முதல் மாடிப் படியின் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை, வாய் திறந்து மூச்சு வாங்கினார். ஒரு பதினோராம் வகுப்புப் பையன் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டான்.

அன்றைக்குத்தான் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். சிறுநீர் பிரியாதவனுக்கு ஓய்வு நாள் என்று எதுவும் இல்லை. குடிக்கிற தண்ணீர், சாப்பாட்டில் இருக்கும் தண்ணீர், எல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே நிற்கும். மற்ற இடைவெளிகள் இரண்டு நாள். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மாலை வரை மூன்று நாள். அதனால் வாரத்திலேயே மோசமான பகல் திங்கள்தான். கால் வீங்கும், படி ஏறினால் மூச்சு நிற்காது. ஓய்வெடுத்துத் தெளிவாக இருப்பார் என்று நான் தேர்ந்தெடுத்த நாளில்தான் அவர் உடம்பில் நீர் அதிகம் நின்றது.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"ஏற்கெனவே எல்லாரும் எனக்காக ஓடறீங்க. அட்டவணையிலும் குறை சொன்னா நல்லா இருக்குமா?"

கவலைப்படுகிறவர்கள் கவலைப்படுகிறார்கள், நோயாளி அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டு வாயை மூடிக்கொள்கிறார். நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்த நாள், எந்த நேரம் முடியாது? 'எப்படி இருக்கீங்க சார்' என்று தினமும் கேட்டேன். அதற்கு அவர் தினமும் 'நல்லா இருக்கேன்' என்றார்.

கேட்டபோது பதில் தெளிவாக வந்தது. திங்கள் மூன்று பீரியடுக்கு மேல் வேண்டாம், எல்லாம் தரைத் தளத்தில். செவ்வாயும் வியாழனும் மூன்றாவது பீரியடிலிருந்து. தொடர்ந்து இரண்டு பீரியடுக்கு மேல் பேச முடியாது. நாளெல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்கூடத் தண்ணீர் குடிக்கக் கூடாதவருக்கு நாற்பது நிமிடம் கத்திப் பாடம் நடத்துவது என்ன என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அவர் ஒரு சின்ன பிளாஸ்கில் ஐஸ் துண்டுகள் கொண்டுவந்து, வகுப்புக்கு ஒன்று வாயில் போட்டுக்கொள்வாராம். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்தக் கையால் விடைத்தாள் கட்டுகூடத் தூக்கக் கூடாது.

இதையெல்லாம் வைத்து எழுதிப் பார்த்தால் அவரால் 21 பீரியட்தான் எடுக்க முடியும். ஒரு பதினோராம் வகுப்புப் பிரிவை, ஏழு பீரியடை, முழுதாக வேறொருவருக்குக் கொடுத்தாக வேண்டும். தினமும் யாராவது ஒருவர் என்றில்லாமல் ஆண்டு முழுக்க ஒரே ஒருவர். இளங்கலையில் இயற்பியல் படித்த பட்டதாரி ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு அறிவியலைத் தற்காலிக ஆசிரியைக்குக் கொடுத்தோம். அதற்கு ஈடாக அவரை சப்ஸ்டிடியூட் நோட்டிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டேன். மிச்சமிருக்கும் ஓய்வு பீரியட் எல்லாம் அவருடைய படிப்புக்கு. சொன்னபோது அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இயற்பியல் ஆசிரியரே தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு சொன்னார். பட்டதாரி ஆசிரியை எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் பதியும் வேலை, உதவித்தொகைப் பட்டியல், அந்தப் பதினோராம் வகுப்பின் தேர்வுத்தாள் திருத்தம் மூன்றையும் தான் செய்வதாக. உட்கார்ந்து செய்கிற வேலை அவரால் முடியும். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் ஆசிரியர் அறையில் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார் என்பது என் கணிப்பு. முன்பெல்லாம் டீ சொல்லும்போதுகூடத் தயங்குவார்.

எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். தமிழாசிரியை ஒருவர் புது அட்டவணையைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "எங்க மாமியார் படுத்த படுக்கையா ரெண்டு வருஷம். காலைல அவங்களைக் குளிப்பாட்டிட்டு நான் முதல் பீரியடுக்கு ஓடி வர்றேன். எனக்கு யாராவது அட்டவணை மாத்தினாங்களா சார்?" என்றார். டயாலிசிஸ் வேறு, இது வேறு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியடை மட்டும் மாற்றிக் கொடுக்க முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. அவருக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அது நியாயமான வருத்தம்தான்.

நோட்டை இப்போது நான் வேறு மாதிரி எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த மாதத்தில் யாருக்கு எத்தனை என்று கூட்டிப் போடுகிறேன். கூட்டல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மார்ச்சில் வேதியியல் டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். என் பெயருக்கு நேரே 22 இருந்தது.

"பரவாயில்ல சார்" என்றார். பிறகு விரலை இன்னும் இரண்டு பெயர்கள் மேல் வைத்தார். இரண்டுக்கும் நேரே பூஜ்யம்.

ஒருவர் சங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர். மற்றவர் நோட்டைக் கண்டாலே சத்தம் போடுவார். "தெரியும் டீச்சர்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.