‘ஒலி’ என்று அனுப்பினோம், ‘ஒளி’ என்று படித்தார்கள்

13 நிமிடக் குறும்படத்தை நான்கே நாளில் எடுத்து முடித்தோம். அதற்கு ஒழுங்காக ஒரு பெயர் வைக்க ஏழு மாதம் ஆனது. நடுவில் ஏழு விழாக்களுக்கு நுழைவுக் கட்டணமாக 9,000 ரூபாய்க்கு மேல் கட்டி, ஒன்றில்கூடத் தேர்வாகவில்லை. படமே சுமார்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த ஏழில் ஒரு பங்காவது பெயரால் போனது என்பதற்கு என்னிடம் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, தெருவில் மூன்று சக்கர வண்டியில் உப்பு விற்க வருகிற பையனிடம் தினமும் ஒரு படி கல்லுப்பு வாங்குகிறாள். அடுக்களையில், கட்டிலுக்கு அடியில், மாடிப்படியில் எல்லாம் உப்பு மூட்டை. ஏன் வாங்குகிறாள் என்பது பத்தாவது நிமிடத்தில்தான் தெரியும். வண்டியில் கட்டியிருக்கும் ஸ்பீக்கரில் ‘உப்பேய், கல்லுப்பேய்’ என்று ஓடுவது செத்துப்போன அவளுடைய அப்பாவின் குரல். வண்டி, ஸ்பீக்கர், மெமரி கார்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பழைய விலைக்கு வாங்கியவன் அந்தப் பையன். அவனுக்கு அது யார் குரல் என்றே தெரியாது.

ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த பெயர் ‘அப்பாவின் குரல்’. சிரிக்காதீர்கள். எழுதும்போது நமக்கு முடிவு தெரியும், அதனால் முடிவையே பெயராக வைத்துவிடுகிறோம். படப்பிடிப்பு முழுக்க கிளாப் போர்டில் அதுதான் இருந்தது, யாருக்கும் உறைக்கவில்லை. எடிட் முடிந்ததும் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினோம். மூன்று பேருக்குப் பெயர் அட்டையோடு, மூன்று பேருக்கு அது இல்லாமல். பெயரைப் பார்த்த மூவரும், முதல் தடவை ஸ்பீக்கர் சத்தம் கேட்டபோதே, அதாவது இரண்டாவது நிமிடத்திலேயே, ‘ஓ, அப்பாவா?’ என்று முடித்துவிட்டார்கள். மிச்சம் பதினோரு நிமிடம் அவர்களுக்கு வெறும் காத்திருப்பு. பெயரைப் பார்க்காத மூன்று பேரில் ஒருவர், அவளுக்கு அந்தப் பையன்மேல் ஏதோ என்று நினைத்தார். இன்னொருவர் மனநோய் என்று நினைத்தார். படத்துக்கு வேண்டியது அந்தத் தப்பான யூகங்கள்தான். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. படப்பிடிப்புக்கு முன்பே ஸ்கிரிப்டை வைத்துச் செய்திருக்கலாம்.

சரி, சூடு பட்டது. பட்டவன் எதிர்ப்பக்கம் ஓடினேன். ஒன்றையுமே சொல்லாத ஒரு பெயர் வேண்டும் என்று ‘ஒலி’ என்று வைத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டே எழுத்து, பின்னணியில் லேசான ஸ்பீக்கர் இரைச்சல். எடிட்டருக்கும் எனக்கும் புல்லரித்துவிட்டது.

அதே வாரம், விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையதளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் படிவத்தை நிரப்பினேன். தலைப்புக்கான கட்டத்தில் `Oli` என்று அடித்தேன். ஆங்கிலம் அல்லாத பெயரும் கதைச்சுருக்கமும் இருந்தால் டிக் செய்ய ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால்தான் தாய்மொழிப் பெயருக்கான கட்டமே திறக்கும். நான் அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். தமிழில் ‘ஒலி’ என்று எங்குமே பதிவாகவில்லை. ஆங்கிலப் பெயர் என்று ஒன்றும் இல்லை. உலகத்துக்குத் தெரிந்தது மூன்று ரோமன் எழுத்து மட்டும்.

ஒலி, ஒளி, ஒழி. ரோமனில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். பழக்கப்பட்ட நாம் ‘ழ’வுக்கு `zh` போடுவோம். ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் அந்த வழியும் இல்லை. வழி, வலி, வளி, விலை, விளை, கலை, களை என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைக்கிற எல்லோரும் இந்தக் குழியைப் பார்த்து நடக்க வேண்டும்.

கொஞ்சம் கூடுதல் காசு கட்டினால் நடுவர் கருத்து எழுதித் தரும் விழா ஒன்று இருந்தது. கட்டினேன். பத்து வரி வந்தது. அதில் ஒரு வரியின் சாரம் இது: தலைப்பு ‘வெளிச்சம்’ என்கிறது, ஆனால் ஒளியமைப்பில் அந்தக் கருத்து வளரவில்லை. பாவம் அந்த மனிதர், பெயருக்குப் பொருள் தேடிப் பார்த்திருக்கிறார். படம் முழுக்க விளக்கையும் ஜன்னலையும் கவனித்துக்கொண்டிருந்தவருக்கு ஸ்பீக்கர் எப்படிக் காதில் விழும்? நான் சொன்ன சாட்சி இதுதான். எங்கள் ஒளிப்பதிவாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு, ஒரு விழாவின் முதல்கட்டத் தேர்வில் படம் பார்த்துத் தள்ளும் வேலை செய்த நண்பர் ஒருவரிடம் என் பதிவுப் பக்கத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பெயர், ஒருவரிக் கதை, ஸ்டில் மூன்றை மட்டும் பார்த்தார். பெயர் `Oli`. ஒருவரிக் கதையில் ‘நினைவுகளின் வழியே ஒரு பெண்ணின் பயணம்’ என்கிற மாதிரி ஒரு மழுப்பல். ஸ்டில்லில் இருட்டில் பாதி முகம். ‘மூணும் வாயை மூடிக்கிட்டா நான் எதைப் புடிச்சு உள்ள வர்றது?’ என்றார். வரிசையில் அடுத்த படம் காத்திருக்கும்போது, எந்த மனநிலையில் உட்கார வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா? அவர் சொன்ன கணக்கு எளிமையானது. கதையில் கேள்வி ஒன்று, பதில் ஒன்று. மறைக்க வேண்டியது பதிலை மட்டும்தான். கேள்வியைத் தைரியமாக வெளியே வைக்கலாம். ‘அப்பாவின் குரல்’ பதிலைச் சொல்லிவிட்டது. ‘ஒலி’ கேள்வியையும் சேர்த்து முழுங்கிவிட்டது.

எங்கள் படத்தின் கேள்வி, இவள் ஏன் இவ்வளவு உப்பு வாங்குகிறாள் என்பது. அப்படியென்றால் பெயரில் உப்பு இருந்தாக வேண்டும். வெறும் ‘உப்பு’ என்று வைக்கலாமா? ஆங்கிலத்தில் `Salt` ஆகிவிடும். தேடினால் 2010-இல் வந்த ஹாலிவுட் படம்தான் பக்கம் பக்கமாக வரும், நம் படத்தை நம் அம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. (பெயரை ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருந்தால் கேஸ் போடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்தினார். வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. குறும்படக்காரனுக்குப் பிரச்சினை கேஸ் இல்லை, தேடலில் காணாமல் போவதுதான்.)

கடைசியில் பெயர் படத்துக்குள்ளேயே கிடந்தது. நான்காவது நிமிடத்தில் அந்தப் பையன் கேட்பான்: ‘மறுபடியும் உப்பாக்கா?’ டப்பிங்கில் இருபது தடவை கேட்ட வசனம். ‘மறுபடி உப்பு’. ஆங்கிலத்தில் `Salt, Again`. கேள்வி வெளியே நிற்கிறது, பதில் உள்ளே இருக்கிறது, ரோமனில் எழுதினாலும் குழப்பமில்லை. ஒருவரிக் கதையையும் மாற்றினோம்: ‘வீடு நிறைய உப்பு இருந்தும், தெருவில் வரும் வண்டிக்காரனிடம் ஒரு பெண் தினமும் உப்பு வாங்குகிறாள்.’ ஸ்டில்லுக்கு, கட்டிலுக்கு அடியில் மூட்டையைத் தள்ளுகிற ஷாட்.

பெயரை மாற்றுவது படிவத்தில் ஒரு நிமிட வேலை. படத்தில் மாற்றுவதுதான் உயிரை எடுத்தது. பெயர் அட்டை, இறுதிப் பெயர்ப்பட்டியலில் காப்புரிமை வரி, போஸ்டர், சப்டைட்டில், கோப்புப் பெயர் என்று ஐந்து இடம். நான் நான்கை மாற்றினேன். சப்டைட்டிலை ஏற்கெனவே படத்தோடு சேர்த்து ரெண்டர் செய்திருந்தோம். அதனால் திரையில் ‘மறுபடி உப்பு’ என்று வர, கீழே `Oli` என்று வந்தது. ஒரு விழாவிலிருந்து, இணைப்பு சரியானதுதானா, வேறு படத்தை அனுப்பிவிட்டீர்களா என்று மெயில் வந்த பிறகுதான் தெரிந்தது. சப்டைட்டிலைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள், பெயர் அட்டை இல்லாத ஒரு பிரதியையும் எடுத்து வையுங்கள். எங்கள் இணைப்பு விமியோவில் இருந்ததால் இணைப்பு மாறாமல் கோப்பை மட்டும் மாற்ற முடிந்தது. யூடியூபில் போட்டிருந்தால் புது இணைப்பு எடுத்து எல்லோருக்கும் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. பெயர் மாறினால் படம் புதிதாகிவிடாது. தள்ளிவிட்ட விழாவுக்கே அடுத்த ஆண்டு புதுப் பெயரில் அனுப்பலாம் என்று எடிட்டர் ஐடியா கொடுத்தார். முந்தைய படங்களை மறுபடி ஏற்பதில்லை என்று விதியிலேயே போட்டிருக்கும் விழாக்கள் உண்டு, மாட்டினால் அசிங்கம். நாங்கள் புதிதாக அனுப்பிய எல்லா இடத்திலும் ‘முன்பு Oli என்ற பெயரில் இருந்தது’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

புதுப் பெயரில் நான்கு இடம் அனுப்பினோம், இரண்டில் தேர்வானது. முதல் சான்றிதழ் வந்த அன்று வீட்டில் கேசரி. திறந்து பார்த்தால், படம்: `Salt`. இயக்குநர்: `Again`. பட்டியலை யாரோ ஒரு ஷீட்டுக்கு மாற்றும்போது, நடுவில் இருந்த கமா பெயரை இரண்டு கட்டமாக வெட்டியிருக்கிறது. என் பெயர் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்பட்டு, நாடு என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூன்று மெயில், ஒரு போன். திருத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து படிவங்களில் கமா இல்லை, `Salt Again`. கமாவுக்காக எடிட்டரோடு ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இரண்டாவது விழா தியேட்டரில் திரையிடுவதால், தியேட்டர் புரொஜெக்டரில் ஓட்டுவதற்கான டிசிபி என்ற கோப்புத் தொகுப்பைக் கேட்டார்கள். அது கோளாறில்லாமல் முடிந்தது. டிசிபி பெயரிடும் முறையில் படப் பெயருக்கு 14 எழுத்துதான் இடம், `SaltAgain` ஒன்பதில் அடங்கிவிட்டது. நீளமான பெயர் வைப்பவர்கள், பதினான்கில் வெட்டினால் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

அந்தத் திரையிடலில் படம் முடிந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, ‘பேரு நல்லா இருக்கு தம்பி. அவ இன்னொரு படி கேக்கறா இல்ல, மறு படி. யோசிச்சுத்தானே வச்சீங்க?’ என்றார். உண்மையாகவே அதுவரை அது என் கண்ணில் பட்டதில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஆமாம்மா’ என்றேன்.